தோட்டத்து வீடு: தொழுவம், தானிய அறை, நீர், வசிப்பிடம் ஆகியவற்றைத் திட்டமிடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் கிணற்றுப் பாசனமுள்ள 3 ஏக்கர் தோட்டம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன. நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. பெற்றோர், கணவன், மனைவி, ஒரு குழந்தை என ஐந்து பேர் வசிக்கப் போகிறார்கள். நான்கு கறவை மாடுகளும் இரண்டு கன்றுகளும் இருக்கும். சோளம், நிலக்கடலை, பயறு வகைகள் விளையும். நெல் வெளியிலிருந்து வாங்கப்படும். வேறு வட்டாரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் காற்றின் திசையையும் சரிவையும் தங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால், மற்ற கணக்குகள் பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

வீட்டை எங்கே வைப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டு மற்றவற்றை அதைச் சுற்றி அமைக்கலாமா?

அப்படிச் செய்தால் பிற்பாடு நகர்த்தவே முடியாத இரண்டு விஷயங்களில் சிக்கிக்கொள்வீர்கள். கிணறு எங்கே ஊறுகிறதோ அங்கேதான் இருக்கும். மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் ஓடும். இவை இரண்டையும் முதலில் தாளில் குறியுங்கள். நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் குடையோடு நிலத்துக்குப் போய், நீர் எங்கே தேங்குகிறது, எந்த வரப்பை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது என்று பார்த்து முளைக்குச்சி அடித்துவிட்டு வருவது, எந்த அளவைக் கருவியையும்விட நிலத்தைத் தெளிவாகக் காட்டும்.

மூன்றாவதாகக் குறிக்க வேண்டியது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று, இந்த வட்டாரத்தில் வைகாசிப் பாதி முதல் புரட்டாசி வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் ஓயாமல் வீசுகிறது. ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆக, ஆண்டின் பெரும்பகுதியில் காற்று தென்மேற்குக்கும் வடகிழக்குக்கும் இடையிலான ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கோட்டின் ஒரு முனையில் தொழுவமும் மறுமுனையில் வீடும் இருந்தால், ஆண்டில் பாதி நாள் சாண வாடையும் தூசியும் வீட்டுக்குள்தான் வரும். கோட்டுக்குக் குறுக்கே வைத்தால் எந்தப் பருவத்திலும் அதிகம் வராது. இந்த நிலத்தில் தொழுவத்துக்கு உகந்த மூலைகள் வீட்டுக்குத் தென்கிழக்கும் வடமேற்கும் மட்டுமே. வடமேற்கு மேடான பக்கம் என்பதால் அங்கே கழுவும் நீர் வீட்டை நோக்கி இறங்கும். எனவே தென்கிழக்கே எஞ்சுகிறது.

உங்கள் நிலத்தில் காற்று எப்படி வீசுகிறது என்பதில் ஐயம் இருந்தால், வீடு வரப்போகும் இடத்தில் ஒரு மூங்கிலை நட்டு மெல்லிய துணிப்பட்டை ஒன்றைக் கட்டுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் காலை, மாலை இரு வேளையும் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். அருகில் கரடோ அடர்ந்த தென்னந்தோப்போ இருந்தால் காற்று திரும்பி வீசும். அதை ஊர்ப் பொதுக் கணக்கு சொல்லாது.

வாஸ்துப்படி வடமேற்கில்தான் மாடு கட்ட வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

மேலே பார்த்த காற்றுக் கணக்கின்படி வடமேற்கும் இந்த வட்டாரத்துக்குப் பொருந்துகிற மூலைதான். உங்கள் நிலம் கிழக்கிலிருந்து மேற்காகச் சரிந்தால் தயங்காமல் வடமேற்கிலேயே அமைக்கலாம். நிலம் கிழக்காகச் சரிந்திருந்து குடும்பத்தினர் வடமேற்கையே விரும்பினால், தொழுவத்தின் கழிவுநீர் வீட்டுப் பக்கம் வராமல் வடக்கு எல்லையை ஒட்டித் தனி வாய்க்கால் எடுத்து வெளியேற்ற வேண்டும். வடகிழக்கில் கிணறு இருக்கும் நிலத்தில் இது ஆபத்தானது. அந்த வாய்க்கால் கிணற்றை நோக்கித்தான் போகும். அப்படிப்பட்ட இடத்தில் மூலையைவிடக் குடிநீரே பெரிது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

தொழுவத்துக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் விட வேண்டும்?

குறைந்தது 50 அடி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. கொங்கு நாட்டுப் பாறை நிலத்தில் நான் அதை 100 அடியாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். காரணம், இங்கே மேல்மண் ஆழம் குறைவு. அதற்குக் கீழே வெடிப்புள்ள பாறை. மணலிலும் மண்ணிலும் மெதுவாகக் கசிந்து வடிகட்டப்படும் நீர், பாறை வெடிப்பில் வடிகட்டப்படாமலே வேகமாக ஓடிக் கிணற்றுக்குள் சேர்ந்துவிடும். கழிப்பறையின் உறிஞ்சுகுழிக்கும் எருக்குழிக்கும் இதே தூரம் பொருந்தும்.

தூரத்தைவிடவும் திசை முக்கியம். நிலத்தடி நீர் பெரும்பாலும் நிலம் சரியும் போக்கிலேயே நகர்கிறது. கிணறு மேட்டிலும் தொழுவம் பள்ளத்திலும் இருப்பது நல்லது. ஆனால் நீர் ஊறும் இடம் பொதுவாகப் பள்ளமாகத்தான் இருக்கும் என்பதால் பலருக்கு அது அமையாது. எடுத்துக்காட்டுத் தோட்டத்திலும் கிணறு வடகிழக்கில், தாழ்வான பக்கத்தில்தான் உள்ளது. அங்கே தொழுவம் தென்கிழக்கில் இருப்பதால், கிணற்றுக்கு மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் பக்கவாட்டில் அமைகிறது. இடையில் 150 அடிக்கு மேல் இருக்கிறது. தொழுவத்தின் கழிவுநீரைத் தென்கிழக்கிலுள்ள தீவனப்புல் வயலுக்குத் திருப்பிவிட்டால் கிணற்றுப் பக்கம் அது எட்டிப் பார்க்காது.

சாணமும் மூத்திரமும் கிணற்றில் சேர்கிறதா என்பதை நிறத்தையோ வாடையையோ வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நைட்ரேட் என்னும் உப்பு நிறமும் சுவையும் இல்லாமலே சேரும்; கைக்குழந்தைகளுக்கு அது உயிராபத்து. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் சுண்டுவதால் சற்றுக் கூடவே செய்யும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேலும் புளோரைடு 1.5 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக் கூடாது. மழைக்குப் பின் எடுத்த நீரில் நைட்ரேட் திடீரென்று கூடியிருந்தால், மேலிருந்து ஏதோ ஒன்று கிணற்றுக்குள் இறங்குகிறது என்று பொருள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் தேவைப்படும், எவ்வளவு பெரிய தொட்டி கட்டலாம்?

வீட்டுப் புழக்கத்துக்கு ஆளுக்கு 100 லிட்டர் என்றால் ஐந்து பேருக்கு 500 லிட்டர். கறவை மாடு ஒன்று குடிப்பதற்கும் கழுவுவதற்கும் சேர்த்து 120 லிட்டர் என்று வைத்தால் நான்குக்கு 480 லிட்டர். கன்றுகளுக்கு 60 லிட்டர், சாண எரிவாயுக் கலனுக்கு 50 லிட்டர். ஆக மொத்தம் ஏறத்தாழ 1,100 லிட்டர். கோடையில் கலப்பினப் பசு குடிப்பது வெகுவாகக் கூடும் என்பதால் இந்தக் கணக்கைக் குறைக்க வேண்டாம்.

மும்முனை மின்சாரம் எந்நேரமும் இருக்கும் என்று நம்ப முடியாது, மோட்டார் பழுதானால் ஆள் வந்து தூக்கிச் சரிசெய்ய ஒரு நாள் ஆகிவிடும். எனவே இரண்டு நாள் நீர் கையிருப்பில் இருப்பது அவசியம். 3,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி போதும். மாடுகளுக்கான குழாயைத் தொட்டியின் அடியிலிருந்தும், வீட்டுக்கான குழாயை அரையடி மேலிருந்தும் எடுத்தால், தொட்டி காலியாகும் வேளையில் கடைசியாக மிஞ்சும் நீர் வாயில்லா ஜீவனுக்குக் கிடைக்கும்.

குடிநீர் தனிக் கணக்கு. இங்குள்ள ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்பு மிகுதி. கரைந்த உப்பு லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் வரை உள்ள நீரை மாடுகள் பழகிக் குடித்துக்கொள்ளும். மனிதர்களுக்கு அது ஆகாது. இதற்குக் கூரை மழைநீரே எளிய தீர்வு. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் கிடைக்கும். 1,000 சதுர அடி மொட்டைமாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். தெறித்தும் ஆவியாகியும் போவதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால், 135 மில்லிமீட்டர் மழையில் 10,000 லிட்டர் சேர்ந்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லிட்டர் வீதம் நாளைக்கு 50 லிட்டர் எடுத்தால் அது 200 நாளைக்கு வரும். மார்கழி முதல் ஆனிப் பாதி வரையிலான வறண்ட காலம் அதில் அடங்கிவிடுகிறது.

மழைநீர்த் தொட்டியை வெளிச்சம் புகாதபடி மூடிக் கட்டுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். ஒவ்வொரு மழையிலும் முதலில் இறங்கும் 150 லிட்டர் அளவு அழுக்கு நீர் வெளியேறிப் போக, அடைப்பானுடன் ஒரு கிளைக்குழாய் இருக்க வேண்டும். தொழுவத்தின் கூரையிலிருந்து குடிநீர் பிடிக்க வேண்டாம். அதைக் கிணற்றுக்கருகே ஊறல்குழியில் விடலாம்.

தொழுவத்தை எந்த அளவில், எப்படிக் கட்டினால் மாட்டுக்கும் வேலை செய்பவருக்கும் சிரமம் இருக்காது?

நான்கு மாடுகளை ஒரே வரிசையில் கட்டுவதாகக் கொள்வோம். ஒரு மாட்டுக்கு 4 அடி அகலமும் 5.5 அடி நீளமும் நிற்பதற்கு வேண்டும். அதற்கு முன்னால் 2.5 அடித் தீவனத் தொட்டி, தொட்டிக்கு முன் தீவனம் போட நடந்து செல்ல 4 அடி, பின்னால் ஓரடி வாய்க்கால், அதற்கும் பின்னால் பால் கறக்கவும் சாணம் அள்ளவும் 4 அடி. குறுக்களவு 17 அடி ஆகிறது. நீளம், மாடுகளுக்கு 16 அடியும் கன்றுகளுக்கு 8 அடியுமாக 24 அடி. இதை ஒட்டி ஒரு மாட்டுக்கு 80 சதுர அடி வீதம் திறந்த வெளியைக் கம்பிவேலி போட்டு விட்டு, அதில் ஒரு வேம்போ புங்கமோ வையுங்கள். நாள் முழுதும் கட்டியே கிடக்கும் மாட்டுக்குக் குளம்பு வளர்ந்து நடை கெடும். சினைப் பருவ அறிகுறியும் கண்ணில் படாமல் போகும்.

நீளப் பக்கம் கிழக்கு மேற்காக அமைய வேண்டும். அப்போது காலையிலும் மாலையிலும் சாய்வாக விழும் வெயில் குறுகிய பக்கத்தில்தான் படும்; ஆடிக் காற்றையும் அந்தக் குறுகிய பக்கம்தான் பெரும்பாலும் தாங்கும். மேற்குச் சுவரை மட்டும் கூரை வரை எழுப்பி, மற்ற பக்கங்களை இடுப்பளவுச் சுவரோடு விட்டுவிடலாம். ஓரத்தில் கூரையின் உயரம் 9 முதல் 10 அடி இருக்கட்டும். தகரக் கூரையாக இருந்தால் தென்னங்கீற்றையோ கம்பந்தட்டையையோ மேலே பரப்பிக் கட்டினால் கீழே வெப்பம் குறையும். ஆனால் ஆடிக்கு முன் கயிறுகளையும், தகடுகளைப் பிடிக்கும் கொக்கிப் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். மேற்கு ஓரத்துத் தகடு ஒன்று தளர்ந்தால் காற்று அதன் கீழ் புகுந்து வரிசையாகப் பிரித்துவிடும்.

தரைதான் எல்லாவற்றிலும் கவனமாகச் செய்ய வேண்டியது. நிற்கும் தரை 5.5 அடிக்குள் ஒன்றரை அங்குலம் வாய்க்காலை நோக்கி இறங்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் மூத்திரம் தேங்கி மடிநோய் வரும். கூடினால் சினை மாட்டின் பாரம் முழுவதும் பின்னங்கால்களில் இறங்கும். வாய்க்கால் 24 அடிக்குள் மூன்று அங்குலம் கிழக்காக இறங்கினால் போதும். கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே கயிற்றை அழுத்தியோ கம்பியால் கீறியோ குறுக்கும் நெடுக்குமாக வரிகள் போட்டுவிடுங்கள். கொத்தனார் வழவழப்பாகப் பூசிக்கொடுப்பதைத் திறமையாக நினைப்பார். வழுக்கி விழுந்து தொடை விரிந்த மாடு பிறகு எழுவது அரிது. கட்டி முடித்தபின் வாளித் தண்ணீரை மேற்கு முனையில் ஊற்றிப் பாருங்கள். எங்கேயாவது கை அகலத்துக்குத் தேங்கினால், ஆள் இருக்கும்போதே அந்த இடத்தை உடைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு ஈ வராமல் இருக்கத் தொழுவத்தை நன்றாகத் தள்ளி வைத்தால் போதாதா?

போதாது. ஈ வெகுதூரம் பறக்கக்கூடியது. கோடையில் அதன் முட்டை பத்து நாளுக்குள் பறக்கும் ஈயாகிவிடும். சாணத்தைத் தினமும் அள்ளிக் கலனிலோ மூடிய எருக்குழியிலோ சேர்ப்பதுதான் ஈயைக் குறைக்கும். தொழுவத்தைத் தள்ளி வைத்தால் இரவில் மாடு கத்துவது கேட்காது, கன்று ஈனும் வேளையில் ஆள் போய்ச் சேரத் தாமதமாகும். காற்றுக்குக் குறுக்கே வைத்திருக்கிறோம் என்பதால் 60 அடியே போதுமானது. மூத்தவர்கள் படுக்கும் அறையின் சன்னலிலிருந்து தொழுவத்தின் விளக்கு தெரியும்படி வையுங்கள்.

நான்கு மாடுகள் போடும் சாணத்தில் 50 கிலோவை அதே அளவு நீரில் கரைத்து நாள்தோறும் ஊற்றினால் 2 கன மீட்டர் எரிவாயுக் கலன் ஓடும்; ஐந்து பேர் சமையலின் பெரும்பகுதி அதில் முடிந்துவிடும். கலன் தொழுவத்துக்கு மேற்கே, நிழல் விழாத இடத்தில், சமையலறைக்கு 40 அடிக்குள் இருந்தால் குழாயில் நீர் தேங்கி அடைப்பது குறையும். குழாய் கலனை நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும். வெளிவரும் கரைசல் அப்படியே தீவனப்புல்லுக்குப் போகலாம்.

தானிய அறையை வீட்டுக்குள்ளேயே ஓர் அறையாக வைத்துக்கொள்ளலாமா?

பழைய வீடுகளில் குதிர் வீட்டுக்குள்தான் இருந்தது. இன்றைக்கு அப்படி வைக்கக் கூடாது என்பதற்கு ஒரே காரணம் வண்டு மாத்திரை. மூட்டையில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தில் கரைந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளிவிடுகிறது. சுவர் விரிசல், மின்கம்பிக் குழாய், கதவிடுக்கு ஆகியவற்றின் வழியாக அது பக்கத்து அறைக்குப் போகும். உறக்கத்தில் குடும்பமே இறந்த நிகழ்வுகள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. நீங்கள் போடமாட்டேன் என்று உறுதியாக இருந்தாலும், பத்து ஆண்டு கழித்து வேறொருவர் போடுவார். எனவே படுக்கையறையோடு பொதுச் சுவரோ பொதுக் கூரையோ இல்லாத தனிக் கட்டடமாக, வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி விட்டுக் கட்டுங்கள். மாத்திரை தேவைப்பட்டால் பயிற்சி பெற்றவரைக் கொண்டே போடச் செய்யுங்கள்.

எடுத்துக்காட்டுத் தோட்டத்தில் வீட்டுக்கு வடக்கே களமும் களத்தின் மேற்கு ஓரத்தில் தானிய அறையும் வருகின்றன. தூற்றும்போது கிளம்பும் தூசியை மேல்காற்று கிழக்கே, வீட்டைத் தொடாமல் கொண்டுபோய்விடும். காய்ந்த தானியத்தைத் தூக்கும் தூரமும் சில அடிகளே.

அறையின் அளவுக்கு ஒரு கணக்கு: மூட்டைகளை ஆறு அடுக்காக அடுக்கினால் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 2 சதுர மீட்டர் தரை போதும். விலைக்காகச் சில மாதம் பிடித்து வைப்பது உட்பட 4 டன் என்றால் 8 சதுர மீட்டர். சுவரிலிருந்து ஒன்றரை அடி இடைவெளி, நடைபாதை, விதைக்கான தகரக் குதிர் எல்லாம் சேர்த்து 12 அடிக்கு 14 அடி அறை போதும். தோலோடு வைக்கும் நிலக்கடலை நிறைய இடம் அடைக்கும். கடலை மிகுதியாக விளைவிப்பவர்கள் நீளத்தைக் கூட்டிக்கொள்ளட்டும்.

தானிய அறையில் எலியும் பூஞ்சணமும் வராமல் கட்டுவது எப்படி?

எலிக்குத் தீர்வு தரை உயரத்தில் இருக்கிறது. தளத்தை மூன்றடி உயர்த்தி, தள மட்டத்தில் கான்கிரீட் பலகையைச் சுற்றிலும் அரையடி வெளியே நீட்டுங்கள். சுவரைப் பற்றி ஏறும் எலி அந்த நீட்சியின் அடியில் தலைகீழாக நடக்க முடியாமல் விழும். படிக்கட்டைக் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டினால் இவ்வளவும் வீண். எலி படியேறி வந்துவிடும். மரத்தாலோ இரும்பாலோ எடுத்து வைக்கும் படி செய்து, வேலை முடிந்ததும் அகற்றிவிட வேண்டும். டிராக்டர் தொட்டியிலிருந்து மூட்டையை நேராக இறக்கவும் அந்த உயரம் வசதியாக இருக்கும். சுண்டெலி அரை சென்டிமீட்டர் சந்தில் நுழைந்துவிடும் என்பதால் கதவின் அடியில் தகரம் அடித்து, சன்னலுக்குத் துரு ஏறாத கம்பி வலை போடுங்கள். எலி இருக்கும் இடத்தைத் தேடித்தான் பாம்பு வரும் என்பதையும் குழந்தை உள்ள வீட்டில் நினைவில் வைக்க வேண்டும்.

பூஞ்சணம் வருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கட்டடத்தின் வழி: தரையிலிருந்து ஏறும் ஈரம், கூரையிலிருந்து சொட்டும் ஈரம். தளக் கான்கிரீட்டுக்குக் கீழே மணல் பரப்பி அதன்மேல் கனமான பாலித்தீன் தாள் விரித்தால் முதலாவது நிற்கும். தகரக் கூரை இரவில் குளிரும்போது உள்காற்றின் ஈரம் அதன் அடியில் முத்து முத்தாகக் கோத்து மூட்டை மேல் விழும். ஆகவே தானிய அறைக்குத் தகரக் கூரை வேண்டாம். சன்னல்கள் சிறியனவாக, உயரத்தில், மூடக்கூடியனவாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றோட்டத்துக்கென்று திறந்து வைத்தால் ஈரம்தான் உள்ளே வரும்.

மற்றொரு வழி, சரியாகக் காயாத தானியம். சோளம் 12 விழுக்காடு, பயறு 10, தோலுள்ள கடலை 8 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் வைக்கக் கூடாது. கருவி இல்லாதவர்கள் நெல்லுக்கும் சோளத்துக்கும் உப்புச் சோதனை செய்யலாம். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தானியத்தைப் போட்டு, வெயிலில் உலர்த்திய தூள் உப்பை ஒரு கரண்டி சேர்த்து மூடி, இரண்டு நிமிடம் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு புட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழ். ஆனால் 15 என்பது சேமிக்கும் அளவு அல்ல என்பதால், உப்பு ஒட்டாத நிலைக்கு வந்தபின் மேலும் ஒரு முழு வெயிலில் காய வைத்து, ஆறவிட்டு மூட்டை கட்ட வேண்டும். சூடாகக் கட்டினால் உள்ளேயே வியர்க்கும்.

பிண்ணாக்கையும் பருத்திக்கொட்டையையும் இந்த அறையில் சேர்க்காதீர்கள். பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்கித் தொழுவத்தருகே மூடியுள்ள பீப்பாயில் வையுங்கள். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அந்த நஞ்சின் ஒரு வடிவம் இறங்குகிறது. பாலைக் காய்ச்சுவதால் அது போவதில்லை.

வைக்கோல், தட்டுப் போர் எங்கே போடுவது?

மாட்டுக்கு நாளைக்கு 6 கிலோ உலர்தீவனம் என்றால் நான்குக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 9 டன். இதுதான் தோட்டத்திலேயே பெரிய குவியல், தீப்பற்றும் குவியலும் இதுவே. தொழுவத்துக்குக் கிழக்கே 50 அடி தள்ளி, மின்கம்பிக்கு அடியில் இல்லாதபடி, கல் பரப்பிய மேடையில் போடுங்கள். மேல்காற்றில் தீப்பொறி பறந்தால் அது எல்லாக் கட்டடங்களையும் விட்டு விலகியே போகும். ஒரே போராக இல்லாமல் இரண்டாகப் பிரித்துப் போடுவது நல்லது.

வசிக்கும் பகுதி குளிர்ச்சியாகவும் வேலைக்கு ஏற்றதாகவும் இருக்க என்ன செய்யலாம்?

தோட்டத்து வீட்டில் முன்வாசலைவிடப் பின்வாசலே அதிகம் பயன்படும். தொழுவத்திலிருந்து வருபவர் சமையலறையைக் கடக்காமல் கைகால் கழுவி, உடை மாற்றி உள்ளே வர, தென்கிழக்கில் எட்டடி அகலத் தாழ்வாரமும் அதன் முனையில் குளியலறையும் வையுங்கள். பால் கேன் கழுவும் தொட்டி அந்தத் தாழ்வாரத்திலேயே இருக்கலாம். சமையலறையும் அந்தப் பக்கமே வந்தால் எரிவாயுக் குழாயின் நீளமும் குறைகிறது.

வெப்பத்தில் பெரும்பங்கு மொட்டைமாடி வழியாகவும் மேற்குச் சுவர் வழியாகவுமே இறங்குகிறது. மேற்கில் படுக்கையறை வைக்காமல் மாடிப்படி, பொருளறை, கழிப்பறை ஆகியவற்றை வரிசையாக வைத்துவிடுங்கள். மொட்டைமாடிக்கு வெள்ளை ஓடு பதிப்பது வெப்பத்தைக் குறைக்கும், மழைநீரையும் சுத்தமாக வைக்கும். தென்மேற்குக் காற்றுக்கு எதிரெதிர்ச் சன்னல்கள் வைத்தால் மின்விசிறிகூட வேண்டியதில்லை. ஆனால் ஆடிப் புழுதியைக் கருதி அந்தப் பக்கத்துச் சன்னல்கள் சிறியனவாகவும் இறுக மூடுவனவாகவும் இருக்கட்டும். மேற்கு எல்லையில் வேம்பும் கிளுவை வேலியும் வளர்ந்துவிட்டால் புழுதி பாதியாகும். மாலையில் உட்காரக் கிழக்குத் திண்ணை போல வசதியான இடம் வேறில்லை.

கட்டணமில்லா விவசாய மின் இணைப்பிலிருந்தே வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அது பாசன மோட்டாருக்கு மட்டும் தரப்பட்ட இணைப்பு. வீட்டுக்கு எடுத்தால் விதிமீறலாகி அபராதம் வரும், இணைப்பையே துண்டிக்கவும் செய்வார்கள். வீட்டு இணைப்புக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். வீடு கட்டுவதற்கு ஊராட்சியின் அனுமதியையும் கடைக்கால் தோண்டும் முன்பே வாங்கிவிடுங்கள்.

கையில் பணம் ஒரே நேரத்தில் இல்லை. எதை முதலில் கட்டுவது?

முதலில் நீர், அடுத்துத் தானிய அறை. கட்டுமானக் காலத்தில் சிமென்ட் மூட்டை ஈரமாகாமல் வைக்கவும் சாமான்களைப் பூட்டவும் அந்த அறையே உதவும். மூன்றாவதாக வீட்டின் பின்பகுதி: சமையலறை, குளியலறை, ஓர் அறை, தாழ்வாரம். இதில் குடியேறிவிடலாம். அதன்பின் தொழுவம். ஆளில்லாத தோட்டத்தில் மாட்டை வாங்கிக் கட்டிவிட்டு ஊரிலிருந்து இரு வேளையும் வந்து போவது நீடிக்காது என்பதால் தொழுவத்தை வீட்டுக்கு முன் கட்ட வேண்டாம். முன்னறைகளைக் கடைசியாக இணைத்துக்கொள்ளலாம். அதற்கேற்ப அடித்தளத்தையும், நீட்டிவிட வேண்டிய கம்பிகளையும் முதலிலேயே வரைபடத்தில் காட்டி, கம்பி முனைகள் துருப்பிடிக்காமல் சிமென்ட் பால் பூசி மூடி வையுங்கள்.